பன்னிரண்டில் ஏழு

கீழே இருப்பது பன்னிரண்டு எண்கள் கொண்ட ஒரு மரம். கணினிக்காரர்கள் மரத்தைத் தலைகீழாகத்தான் வரைவார்கள். வேர் உச்சியில் இருக்கும், இலைகள் அடியில் தொங்கும்.

```
             50
          /      \
        30        80
      /    \     /  \
    20     60  65    90
   /  \   /  \   \
  10  25 45  70   85
```

ஒவ்வொரு எண்ணும் ஒரு கணு. ஒரு கணுவுக்கு இடப்பக்கம் ஒரு பிள்ளை, வலப்பக்கம் ஒரு பிள்ளை இருக்கலாம். ஒன்று இல்லாமலும் போகலாம், இரண்டுமே இல்லாமலும் போகலாம். இரண்டுக்கு மேல் மட்டும் கூடாது. இதுதான் பைனரி மரம். எண்கள் எந்த ஒழுங்கில் இருக்க வேண்டும் என்று அதற்கு விதி எதுவும் கிடையாது.

விதி சேரும்போது அது தேடல் மரமாகிறது. எந்தக் கணுவை எடுத்தாலும் அதன் இடப்பக்கம் உள்ள எல்லா எண்களும் அதைவிடச் சிறியவையாக, வலப்பக்கம் உள்ள எல்லா எண்களும் அதைவிடப் பெரியவையாக இருக்க வேண்டும். இந்த விதி நிற்கும் வரை தேடுவது சுலபம். வேரில் தொடங்கி, தேடும் எண் சிறியதா பெரியதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு பக்கமாக இறங்கினால் போதும், மறுபக்கத்தைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். இரு பக்கமும் சமமாக வளர்ந்த மரம் என்றால், பத்து லட்சம் எண்களுக்கு நடுவே ஒன்றைக் கண்டுபிடிக்க இருபது ஒப்பீடுகள் போதும்.

மேலே உள்ள மரம் பார்வைக்குத் தேடல் மரம் போலத்தான் இருக்கிறது. 50-க்கு இடதில் 30, வலதில் 80. 30-க்கு இடதில் 20, வலதில் 60. தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு பதினொரு இடங்களிலும் சரியாகவே இருக்கிறது. இப்போது இதில் 60-ஐத் தேடிப் பார்க்கலாம். 60 என்பது 50-ஐவிடப் பெரியது, ஆகவே வலப்பக்கம் போய் 80. அதைவிடச் சிறியது, இடப்பக்கம் இறங்கி 65. அதையும்விடச் சிறியது, ஆனால் 65-க்கு இடதுபிள்ளை இல்லை. ‘60 இந்த மரத்திலேயே இல்லை’ என்று தேடல் முடிந்துவிடுகிறது. அதுவோ 30-க்கு வலப்பக்கத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. 85-ஐத் தேடினாலும் இதே கதைதான்.

ஆக, இந்த மரம் முழுதாகத் தேடல் மரம் அல்ல. ஆனால் அதற்குள் உள்ள சில பகுதிகள் அப்பழுக்கில்லாத தேடல் மரங்கள். 20-ஐயும் அதன் இரு பிள்ளைகளையும் தனியே எடுத்துப் பாருங்கள்: 10, 20, 25. ஒரு குறையும் இல்லை. அப்படிப்பட்ட பகுதிகளில் மிகப் பெரியது எது? நிரல் எழுதுபவர்கள் வேலைக்கான நேர்காணல்களில் சந்திக்கும் பழக்கமான கேள்வி இது. லீட்கோட் தளத்தின் கணக்குப் பட்டியலில் இதற்கு 333 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். கேட்பதற்கு ஒரு வரிதான், ஆனால் வழுக்குகிற இடங்கள் நிறைய.

ஒரு நிபந்தனையை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கிளைமரம் என்றால் ஒரு கணுவும், அதற்குக் கீழே உள்ள அத்தனை சந்ததியும் சேர்ந்தது. நடுவில் பிடிக்காத கணுவை வெட்டிவிட்டு மிச்சத்தை எண்ணக் கூடாது. இது சும்மா சொல்லும் நுணுக்கம் அல்ல, விடையையே மாற்றிவிடும். வெட்டலாம் என்று அனுமதித்தால், மேலே உள்ள மரத்தில் 60-ஐயும் அதன் பிள்ளைகளையும் 85-ஐயும் கழித்துவிட்டு 50, 30, 20, 10, 25, 80, 65, 90 என்று எட்டுக் கணுக்கள் கொண்ட தேடல் மரம் கிடைக்கும். வெட்டக் கூடாது என்றால் விடை ஏழு. இரண்டும் வேறு வேறு கணக்குகள், தீர்க்கும் முறையும் வேறு. இங்கே பேசுவது வெட்டக் கூடாத கணக்கை.

தேடல் மரம் என்ற அமைப்பு 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒருவரை ஒருவர் சாராமல் பலர் கண்டடைந்தது. பி. எஃப். விண்ட்லி, ஏ. டி. பூத், ஏ. ஜே. டி. காலின், தாமஸ் ஹிப்பார்ட் ஆகியோரின் பெயர்களை வழக்கமாகச் சொல்வார்கள். பூத்தும் காலினும் 1960-இல் எழுதிய கட்டுரை அகராதி கட்டும் ஒரு புதிய முறையைப் பற்றியது. சேர்ப்பதையும் தேடுவதையும் விதிப்படி செய்துவந்தால் மரம் தானாகக் கெடாது. கெடுப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற கை: மரத்துக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒரு பதிவின் எண்ணை, அதை வெளியே எடுத்து மறுபடி சேர்க்காமல், இருந்த இடத்திலேயே யாரோ மாற்றிவிடுவது. அப்படி மாற்றும்போது எந்தப் பிழைச்செய்தியும் வராது. இருக்கிற பதிவை ‘இல்லை’ என்று மரம் சொல்லும்போதுதான் விஷயம் தெரியவரும்.

இனி கணக்குக்கு வருவோம். யாருக்கும் முதலில் தோன்றும் வழி, ஒவ்வொரு கணுவாகப் போய், ‘இதிலிருந்து கீழே உள்ளது தேடல் மரமா?’ என்று தனித்தனியே சோதிப்பது. விடை சரியாகவே வரும். செலவுதான் இடிக்கிறது. 10,000 கணுக்கள் ஒரே சங்கிலியாக, ஒவ்வொன்றும் முந்தையதன் வலதுபிள்ளையாகத் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். எண்கள் 1, 2, 3 என்று 9,999 வரை ஒழுங்காக ஏறி, கடைசிக் கணுவில் மட்டும் 0 இருக்கிறது. வேரிலிருந்து சோதிக்கத் தொடங்கினால் அடிவரை போன பிறகுதான் அந்த 0 கண்ணில் படும். தோற்றதும் அடுத்த கணுவிலிருந்து மறுபடி அடிவரை பயணம். அதற்கடுத்த கணுவிலிருந்து இன்னொரு முறை. 10,000, 9,999, 9,998 என்று கூட்டிக்கொண்டே போனால் 5,00,05,000 வருகைகள். இத்தனை ஓட்டத்துக்கும் பிறகு கிடைக்கும் விடை வெறும் ஒன்று, அந்தக் கடைக்கோடிக் கணு மட்டும். ஒரே அடிப்பகுதியை ஆயிரக்கணக்கான முறை போய்ப் பார்த்துவிட்டு, பார்த்ததை ஒவ்வொரு முறையும் மறந்துவிடுவதால் வரும் வீண்செலவு இது.

கொஞ்சம் பழகியவர்கள் வேறொரு வழிக்குப் போவார்கள். முழு மரமும் தேடல் மரமா என்று மட்டும் கேட்டால் அதற்கு ஓர் அழகான முறை உண்டு: மேலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் எல்லையைச் சொல்லி அனுப்புவது. 50-இன் இடப்பக்கம் போகிறவர்களுக்கு ‘50-க்குக் கீழே இருங்கள்’ என்ற கட்டளை. அங்கே 30-இன் வலப்பக்கம் திரும்பினால் ‘30-க்கு மேலே, 50-க்குக் கீழே’. யாராவது எல்லை தாண்டினால் மரம் தோற்றது. நம் மரத்தில் 60 தாண்டுகிறது, முழு மரமும் தேடல் மரம் அல்ல என்ற சரியான தீர்ப்பு உடனே வந்துவிடும்.

அதே முறையை நம் கேள்விக்குப் பயன்படுத்தினால் கதை கெடுகிறது. 60 மீறியது 50 போட்ட எல்லையைத்தான். ஆனால் 30-ஐ வேராகக் கொண்ட கிளைமரத்தைத் தனியே எடுக்கும்போது 50 அந்தப் படத்திலேயே இல்லை. 10, 20, 25, 30, 45, 60, 70 என்று ஏழும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. முன்னோர் விதித்த கட்டளையை மீறியதற்காக, தன்னளவில் சரியாக இருக்கும் ஒரு கிளையை ஒதுக்கிவிட்டால் விடையே கையைவிட்டுப் போய்விடும். மேலே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஒரு கிளையின் தகுதி மாறக் கூடாது. அதன் தகுதி முழுக்க அதற்குக் கீழே உள்ளவற்றை மட்டுமே பொறுத்தது. அப்படியென்றால் தகவல் போக வேண்டிய திசையும் கீழிருந்து மேலேதான். இந்தக் கணக்கின் உயிர் இங்கே இருக்கிறது, மற்றதெல்லாம் கைவேலை.

கீழிருந்து மேலே என்ன தகவலை அனுப்புவது? கிளையில் உள்ள எல்லா எண்களையும் மூட்டை கட்டி அனுப்பத் தேவையில்லை. தாய்க்கணு இரண்டு கேள்விகளைத்தான் கேட்கப்போகிறது: இடப்பக்கத்தில் உள்ள மிகப் பெரிய எண் என்னைவிடச் சிறியதா? வலப்பக்கத்தில் உள்ள மிகச் சிறிய எண் என்னைவிடப் பெரியதா? இடப்பக்கத்தின் பெரியதே தாண்டவில்லை என்றால் அங்கே வேறு எதுவும் தாண்டியிருக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கிளையும் தன் மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண், இதுவரை கண்ட மிகப் பெரிய தேடல் மரத்தின் அளவு ஆகிய மூன்றை மட்டும் அறிக்கையாக அனுப்பினால் போதும்.

நம் மரத்தில் நடத்திப் பார்ப்போம். இரு பிள்ளைகளும் பேசி முடிக்கும் வரை தாய் வாய் திறக்காது, அதுதான் வரிசை. முதலில் 10 என்ற இலை: சிறியது 10, பெரியது 10, அளவு 1. 25-உம் அப்படியே. இப்போது 20 பேசலாம். இடதின் பெரியது 10, தன்னைவிடச் சிறியது. வலதின் சிறியது 25, தன்னைவிடப் பெரியது. ஆகவே தன் அறிக்கை: சிறியது 10, பெரியது 25, அளவு 3. அந்தப் பக்கம் 45-உம் 70-உம் சொன்னதைக் கேட்டு 60 அனுப்புவது: சிறியது 45, பெரியது 70, அளவு 3. இரண்டு அறிக்கைகளும் 30-இடம் வந்து சேர்கின்றன. 25 தன்னைவிடச் சிறியது, 45 தன்னைவிடப் பெரியது. மூன்றும் மூன்றும் தானும் சேர்ந்து ஏழு. சிறியது 10, பெரியது 70.

வலப்பக்கம் 85 ஓர் இலை. அதன் தாய் 65-க்கு இடதுபிள்ளை இல்லை, வலதின் சிறியது 85, சிக்கல் இல்லை: சிறியது 65, பெரியது 85, அளவு 2. இனி 80-இன் முறை. தன் இடதுபிள்ளை 65 தன்னைவிடச் சிறியதுதான். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து வந்த அறிக்கையில் பெரியது 85 என்று இருக்கிறது. இங்கே மரம் உடைகிறது. 80 மேலே அனுப்ப வேண்டியது ‘நான் தேடல் மரம் அல்ல, எனக்குக் கீழே கண்டதில் பெரியது 2’ என்பதை. கடைசியாக 50: வலப்பக்கம் உடைந்த செய்தி வந்திருக்கிறது, அதோடு இடப்பக்கத்தின் பெரியது 70, தன்னைவிடப் பெரியது. தானும் தேடல் மரம் அல்ல. ஏழுக்கும் இரண்டுக்கும் பெரியது ஏழு, அதுவே விடை.

பன்னிரண்டு கணுக்களுக்குப் பன்னிரண்டே அறிக்கைகள். அந்த 10,000 கணுச் சங்கிலிக்கும் 10,000 அறிக்கைகள்தான், ஐந்து கோடி அல்ல.

பைத்தான் மொழியில் எழுதினால் மொத்த வேலையும் பத்து வரிக்குள் அடங்கிவிடுகிறது:

```python
INF = float("inf")

def report(node):
    if node is None:
        return INF, -INF, 0
    llo, lhi, lbest = report(node.left)
    rlo, rhi, rbest = report(node.right)
    if lhi < node.val < rlo:
        return min(llo, node.val), max(rhi, node.val), lbest + rbest + 1
    return -INF, INF, max(lbest, rbest)
```

வேரைக் கொடுத்து அழைத்து, திரும்பி வரும் மூன்றில் கடைசியை எடுத்தால் விடை. இதில் நின்று பார்க்க வேண்டிய இடம், வெற்றிடத்துக்கும் உடைந்த கிளைக்கும் கொடுத்திருக்கும் மதிப்புகள். பிள்ளை இல்லாத இடம் ‘என் சிறியது முடிவிலி, என் பெரியது எதிர்ம முடிவிலி’ என்று சொல்கிறது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் அதனால் எந்தத் தாய்க்கும் தடை வராது. எதிர்ம முடிவிலி எல்லா எண்ணையும்விடச் சிறியது அல்லவா. உடைந்த கிளை அதை அப்படியே திருப்பிப் போட்டுச் சொல்கிறது: சிறியது எதிர்ம முடிவிலி, பெரியது முடிவிலி. அது இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் எந்தத் தாயும் ஒப்பீட்டில் தேறாது. ‘சரியா, தவறா’ என்று தனியாக ஒரு கொடியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. உடைந்தது மேலே போகப் போக உடைந்ததாகவே தங்கும், கண்ட பெரிய அளவு மட்டும் பத்திரமாக ஏறிக்கொண்டிருக்கும்.

இதே தந்திரத்தை சி++ போன்ற மொழியில் எழுதுகிறவர்கள் முடிவிலிக்குப் பதிலாக 32 பிட் முழு எண்ணின் உச்சமான 2147483647-ஐப் போடுவது வழக்கம். மரத்துக்குள்ளேயே அந்த எண் இருந்துவிட்டால் ஆபத்து. பிள்ளைகளே இல்லாத ஒரு தனிக்கணுவாக இருந்தாலும், வலப்பக்க வெற்றிடம் சொல்லும் 2147483647 தன்னைவிடப் பெரியதாக இல்லையே என்று அது தன்னைத்தானே தள்ளிவைத்துக்கொள்ளும். அந்த ஒற்றைக் கணு மரத்துக்கு விடை ஒன்று என்று வராமல் பூஜ்யம் என்று வந்தால் நோய் இதுதான். எல்லைக்காக 64 பிட் எண்ணைப் பயன்படுத்தினால் தீர்ந்தது.

பைத்தானில் வேறு மாதிரி அடி விழும். ஒரு செயல்கூறு தன்னைத்தானே அழைத்துக்கொண்டு எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கு அந்த மொழி வழக்கமாக வைத்திருக்கும் வரம்பு 1,000. சமமாக வளர்ந்த மரத்தில் பத்து லட்சம் கணுக்கள் இருந்தாலும் ஆழம் இருபதுதான், பிரச்சினையே இல்லை. நாம் பார்த்த சங்கிலி மரமோ 10,000 ஆழம். அதில் மேலே உள்ள நிரல் `RecursionError` என்று நின்றுவிடும். வரம்பை உயர்த்தலாம், அல்லது அழைப்புகளை மொழியின் தலையில் கட்டாமல் நாமே ஒரு அடுக்கில் வைத்து நடத்தலாம். இரண்டாவதே பாதுகாப்பானது.

ஒரே எண் இருமுறை வந்தால் என்ன என்பதை நிரல் தீர்மானிக்காது, எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். மேலே உள்ள வடிவம் இரட்டைகளை ஏற்பதில்லை. சமமான எண் வலப்பக்கம் இருக்கலாம் என்று வழக்கம் வைத்திருந்தால் இரண்டாவது `<` குறியை `<=` ஆக்க வேண்டும். இரண்டையும் மாற்றினால் சமமான எண் இரு பக்கமும் இருக்கலாம் என்றாகிவிடும், தேடும்போது எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி வரும்.

எழுதிய நிரல் சரியா என்று பார்க்க, மெதுவான முதல் முறையையும் இதையும் ஒரே மரங்களில் ஓட விட்டு விடைகளை ஒப்பிடுவது நல்ல பழக்கம். ஆனால் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாரி இறைத்து உருவாக்கிய மரங்கள் இதற்கு அவ்வளவாக உதவாது. ஏழு கணு கொண்ட ஒரு வடிவத்தில் ஏழு வேறுவேறு எண்களை 5,040 விதமாக நிரப்பலாம், அவற்றில் ஒன்றே ஒன்றுதான் தேடல் மரம். அதனால் பெரும்பாலான சோதனைகளில் விடை இரண்டு, மூன்று என்று குட்டியாகவே வரும். பெரிய கிளை தேறுகிற பாதை சோதிக்கப்படாமலே போகும். அதைவிட, சரியான ஒரு தேடல் மரத்தைக் கட்டிவிட்டு அதில் ஏதாவது இரண்டு எண்களை இடம் மாற்றி வைப்பது கூர்மையான சோதனை. இந்தக் கட்டுரையின் மரத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளை மட்டும் பார்த்து ஒப்பிடும் நிரல் இதற்கு 12 என்று சொல்லும். மேலிருந்து எல்லை அனுப்பும் நிரல் 30-இன் கிளையைத் தவறவிடும். மரத்தை இடமிருந்து வலமாகப் படித்து மிக நீண்ட ஏறுவரிசையை எண்ணும் நிரல் இங்கே தற்செயலாக 7 என்று சரியாகச் சொல்லித் தப்பிவிடும். அதன் குட்டு உடைய வேண்டுமானால் 50-இன் இடப்பக்கத்தை முழுவதும் நீக்கிவிட்டு ஓட விட வேண்டும். அப்போது மிஞ்சும் வரிசை 50, 65, 85, 80, 90. முதல் மூன்றும் ஏறுவரிசைதான் என்று அது 3 சொல்லும். ஆனால் 50-ஐ வேராகக் கொண்ட கிளைமரம் ஐந்து கணுக்களையும் சேர்த்தது, 80 இருக்கும் வரை அது தேறாது. சரியான விடை 2.

இதே கணக்கின் தம்பி லீட்கோட்டில் 1373. அங்கே கணுக்களின் எண்ணிக்கை அல்ல, எண்களின் கூட்டுத்தொகை அதிகமாக உள்ள தேடல் மரத்தைக் கேட்கிறார்கள். `+ 1` என்பதை `+ node.val` என்று மாற்றினால் முடிந்தது என்று தோன்றும். நம் மரத்துக்கு அப்படி மாற்றினாலும் 260 என்று சரியாகவே வரும். ஆனால் அந்தக் கணக்கில் எதிர்ம எண்களும் உண்டு. -5 வேராகவும் 4 அதன் வலதுபிள்ளையாகவும் இருந்தால், இரண்டும் சேர்ந்த தேடல் மரத்தின் கூட்டுத்தொகை -1. பிள்ளை மட்டும் தனியாக நின்றால் 4. எண்ணிக்கையில் தேறிய கிளை தன் எல்லாக் கிளைகளையும்விட எப்போதும் பெரியது, அதனால் கிளையின் அளவும் கண்டதில் பெரியதும் ஒரே எண்ணாக இருந்தன, ஒன்றை அனுப்பினால் போதுமாக இருந்தது. கூட்டுத்தொகையில் அந்தச் சலுகை இல்லை. கிளையின் மொத்தத் தொகையை ஓர் இடத்திலும், கண்டதில் பெரியதை இன்னோர் இடத்திலும் வைத்து, அறிக்கையில் மூன்றுக்குப் பதில் நான்கு எண்களை அனுப்ப வேண்டும். எல்லா எண்களும் எதிர்மமாக இருந்தால், வெற்று மரமும் தேடல் மரமே என்ற கணக்கில் அங்கே விடை பூஜ்யம்.